சுவருக்குப் பத்துப் போட்ட கதை

பெரியம்மாவின் வீடு பருத்தித்துறைக் கரையில் இருக்கிறது. கடல் வீட்டுக்கு வடக்கே. விறாந்தைப் படியிலிருந்து அலை வந்து தொடும் இடம் வரை 40 அடிகூட வராது. அம்மப்பா கட்டிய வீடு அது. ஒன்றரை அடித் தடிப்பில் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் கலந்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். கடலைப் பார்த்த சுவர் 28 அடி நீளம், 10 அடி உயரம். இந்தப் பதிவு அந்த ஒரு சுவரைப் பற்றியது. மற்ற மூன்று சுவர்களும் ஒரு தொந்தரவும் தரவில்லை.

2022-இல் அந்தச் சுவருக்கு நான்தான் பெயின்ற் அடித்தேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய வெளிச்சுவர் பெயின்ற். அடிப்பூச்சு ஒன்று, மேல்பூச்சு இரண்டு. அடிப்பதற்கு முதல் வளவுக் கிணற்றுத் தண்ணீரால் சுவரை நன்றாகக் கழுவி, மூன்று கிழமை காய விட்டேன். எட்டாவது மாதம் கொப்புளம் வந்தது. ஒன்றரை வருடத்தில் அப்பளம்போலச் சுருண்டு சுருண்டு விழுந்தது. விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளையாகப் பஞ்சுபோல ஒரு தூள். நாக்கில் வைத்தேன். கரித்தது.

நான் மேசன் இல்லை, பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவன். அந்தக் கரிப்பு எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். சமையலுப்பு காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் திரும்பவும் பளிங்காகும். கடற்கரையில் இரவில் ஈரப்பதன் அந்தக் கோட்டுக்கு மேலே போகிறது, வெயில் ஏறியதும் பல நாட்களில் கீழே வருகிறது. ஆகவே சுவருக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைந்து பகலில் பளிங்காகிறது. பளிங்கு எங்கே உண்டாகும் என்பதுதான் கேள்வி. நீர் எந்த இடத்தில் ஆவியாகிறதோ அந்த இடத்தில். சுவர் வெறும் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் மேற்பரப்பில் வெள்ளைத் தூளாகப் பூக்கும், துடைத்துவிடலாம். மேலே பெயின்ற் படலம் இருந்தால் நீரின் ஓட்டம் அதன் பின்னாலேயே தடைப்பட்டு, பளிங்கும் அங்கேயே வளரும். வளரும் பளிங்கு படலத்தைத் தள்ளும். எவ்வளவு நல்ல பெயின்றோ அவ்வளவு பெரிய துண்டாக விழும்.

கடலுப்பில் சமையலுப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதனிலேயே நீரை இழுத்துவிடும். நம் ஊரில் காற்று அதற்குக் கீழே காய்வது கிடையாது. பெரியம்மா, "இந்தச் சுவர் பங்குனி வெயிலிலும் தொட்டால் சில்லெண்டுதான் இருக்கும்" என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இந்த முறை அவசரப்படவில்லை. மார்கழி விடுமுறையில் ஒரு நாற்காலியைக் கடற்கரையில் போட்டு, கடலுக்கு முதுகு காட்டி இருந்து, சுவரை ஒரு மணித்தியாலம் பார்த்தேன். பெயின்ற் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உரியவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே இரண்டடி அகலத்துக்கு மோசமாக உரிந்திருந்தது. நடுச்சுவர் மங்கிப்போயிருந்தாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்றோடு சீமெந்துப் பூச்சும் சேர்ந்து பொரிந்து கிடந்தது.

தாழ்வாரத்தின் கீழ்ப்பகுதி எனக்குப் புதிராக இருந்தது. மழையும் வெயிலும் படாத, பாதுகாப்பான இடம் அல்லவா? பிறகுதான் விளங்கியது, மழை படாததுதான் அங்கே குறை. வாடைக் காற்று கொண்டுவரும் உப்புத் துமி சுவர் முழுவதிலும் படிகிறது. நடுச்சுவரை ஐப்பசி, கார்த்திகை மழை வந்து கழுவிவிடுகிறது. தாழ்வாரத்தின் கீழே படிந்தது படிந்தபடி இருந்து, ஒவ்வொரு இரவும் கரைந்து உள்ளே இறங்குகிறது.

முழங்கால் உயரக் கோட்டுக்கு வேறு கதை. 2004 டிசம்பர் 26-ஆம் திகதி கடல் அந்த வீட்டுக்குள் வந்து நின்ற உயரம் அது. கல்லுச் சுவர் கடல்நீரைக் குடித்தது. பிறகு திருத்த வந்தவர்கள் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சீமெந்துப் பூச்சுப் போட்டார்கள். உள்ளே இருந்த ஈரம் சீமெந்தைத் தாண்டி லேசில் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டது.

இன்னொன்றும் கண்டேன். சுவரின் மேற்குப் பாதிக்கு முன்னால் தாழையும் எருக்கலையும் பற்றையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் சரிந்து, யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல, கடலிலிருந்து வீட்டை நோக்கித் தென்மேற்காகப் படிந்திருக்கின்றன. காற்றுத் தள்ளி வளைந்தது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், கடல் பக்கத்துக் கொழுந்துகள் உப்பில் கருகிச் செத்திருக்கும், வீட்டுப் பக்கத்துக் கொழுந்துகள் மட்டும் வளர்ந்திருக்கும். வளைவில் பாதி உண்மையில் வெட்டு. உப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய அதைவிடக் கருவி தேவையில்லை. வாடை வீசும் வடகிழக்கு அது. கிழக்குப் பாதியில் இருந்த பற்றையை 2015-இல் கடல் தெரிய வேண்டும் என்று நாங்களே வெட்டினோம். கிழக்குப் பாதிச் சுவர்தான் படுமோசம்.

கண்ணால் கண்டதை ஒருமுறை அளந்தும் பார்க்கலாம் என்று தோன்றியது. தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் காட்டும் பேனா மாதிரியான, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் TDS மீற்றர் ஒன்று என்னிடம் இருந்தது. சீமெந்துப் பூச்சை உடைத்த இடத்தில், உள்ளே இருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தை அரை அங்குல ஆழம் துளைத்துத் தூள் எடுத்தேன். 10 கிராம் தூளை 200 மில்லிலீற்றர் பற்றரித் தண்ணீரில் கலக்கி, ஒரு இரவு வைத்து, தெளிந்த பிறகு மீற்றரை விட்டேன். வீட்டுக்குள் நடு அறைச் சுவரில் 140 ppm. கடற்சுவரின் நடுவில் 310. தாழ்வாரத்தின் கீழே கிழக்குப் பாதியில் 860, பற்றைக்குப் பின்னால் மேற்குப் பாதியில் 400. முழங்கால் கோட்டுக்குக் கீழே 1240.

மீற்றர் உப்பை மட்டும் எண்ணாது, கரைந்த எல்லாவற்றையும் எண்ணும். சீமெந்துத் தூளிலோ புதுச் சுண்ணாம்பிலோ இதைச் செய்தால் எண் தாறுமாறாக ஏறும். பழைய, நன்றாக இறுகிய சுண்ணாம்புச் சாந்தில் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். எனக்கு வேண்டியதும் ஒப்பீடுதான்.

அதே கையோடு வளவுக் கிணற்றுத் தண்ணீரிலும் மீற்றரை விட்டேன். 2300. அதாவது 2022-இல் பெயின்ற் அடிப்பதற்கு முதல் நான் சுவரைக் "கழுவியது" உவர்த்தண்ணீரால். அந்தக் கிணற்றில் மாரி முடிந்த கையோடு மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் மிதக்கும், இறைக்க இறைக்கக் கீழிருந்து கடல் ஏறும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். குடிக்கத்தான் கூடாது, கழுவலாம் என்று நினைத்தது என் பிழை.

தை மாதக் கடைசியில் வேலை தொடங்கியது. மேசன் அண்ணை ஒருவரும் நானும். முதலில் சீமெந்துப் பூச்சு முழுவதையும் உளியால் கொத்தி எடுத்தோம். கொத்தும்போது உளியைச் சுவருக்குக் குத்தாகப் பிடிக்காமல் சரித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முருகைக்கல் சீமெந்தோடு சேர்ந்து வந்துவிடும். நாலு இடத்தில் வந்தது. கொத்திய துண்டையும் தூளையும் அன்றன்றைக்கே கூட்டி அள்ளி அப்புறப்படுத்தினோம். சுவரடியில் விட்டால் முதல் மழையில் உப்பு திரும்பவும் அத்திவாரத்துக்குள் போய்விடும்.

அடுத்தது உப்பை வெளியே இழுப்பது. வீக்கத்துக்கு மூலிகை அரைத்துப் பத்துப் போடுவது நமக்குப் பழக்கம்தானே, அதையே சுவருக்குச் செய்ய வேண்டும். ஈரமான கூழைச் சுவரில் அப்பினால் அதிலுள்ள நல்ல தண்ணீர் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். வெயிலும் காற்றும் கூழின் வெளிப்பக்கத்தைக் காய வைக்க, சுவருக்குள் இருக்கும் நீர் உப்பையும் தூக்கிக்கொண்டு கூழுக்குள் வரும். ஆவியாகும் இடம் இப்போது கூழின் வெளிப்பரப்பு, ஆகவே பளிங்கும் அங்கேதான். காய்ந்ததும் உரித்து எறிந்தால் உப்பும் போய்விடும்.

கூழுக்குப் பழைய பரீட்சைத் தாள்கள் என்னிடம் கட்டுக் கட்டாக இருந்தன. இரண்டு நாள் ஊற வைத்து, துளை இயந்திரத்தில் கலக்கும் கம்பி பூட்டி அடித்தால் களிபோல வரும். தண்ணீருக்கு ஒரு மைல் உள்ளே உறவினர் வளவுக் கிணற்றிலிருந்து பரலில் கொண்டுவந்தோம். அந்தத் தண்ணீர் 450 ppm காட்டியது. அதற்குக் குறைவான தண்ணீர் வேண்டுமென்றால் மழைநீர்தான், கையில் இருந்த கொஞ்சத்தைக் கடைசிச் சுற்றுக்கு எடுத்து வைத்தேன்.

முதல் முறை கூழ் தோற்றது. வெறும் தாள்க் கூழை அரை அங்குலம் அப்பினோம். மாசிப் பிறப்புக் காற்றில் ஒன்றரை நாளில் மேற்பக்கம் காய்ந்து, சுருங்கி, சுவரிலிருந்து கழன்று பாய் மாதிரித் தொங்கியது. கழன்ற இடத்தில் அது ஒன்றையும் இழுக்காது, ஈரத் தொடர்பு அறுந்துவிட்டது. தட்டிப் பார்த்தால் தெரியும், ஒட்டியிருக்கும் இடம் மந்தமாக ஒலிக்கும், கழன்ற இடம் பொக்கென்று ஒலிக்கும். அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சுவரிலை விடைத்தாள் ஒட்டித் திருத்திறீரோ?" என்று கேட்டார்.

இரண்டாவது கூழில் ஒரு பங்கு தாள்க் கூழுக்கு ஒரு பங்கு கழுவிய மணலும், கைப்பிடி கைப்பிடியாகக் களிமண்ணும் சேர்த்தேன். களிமண் ஒட்டும், மணல் சுருக்கத்தைக் குறைக்கும். அப்புவதற்கு முதல் சுவரை நன்றாக நனைத்தோம். முக்கால் அங்குலத் தடிப்பில் அப்பி, முன்னால் கிடுகுத் தட்டி கட்டினோம். கிடுகு காற்றை முழுக்க மறிக்காமல் வடிகட்டி விடும், படங்கை விட அது நல்லது. படங்கு கட்டினால் கூழ் காயவே காயாது, காயாவிட்டால் உப்பு வெளியே வராது. அதோடு கடல் துமியும் கிடுகோடு நின்றுவிடும். இந்த முறை காய ஆறு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் கூழின் மேற்பரப்பில் பனி பெய்ததுபோல வெள்ளை பூத்தது. பெரியம்மா கைத்தடியோடு வந்து நின்று, "சுவருக்கு வீக்கம் வத்துதோ?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

உரித்துவிட்டுத் திரும்பவும் அதே இடங்களுக்குப் பக்கத்தில் தூள் எடுத்து அளந்தேன். தாழ்வாரத்தின் கீழே 860 இருந்தது முதற் பத்துக்குப் பிறகு 380, இரண்டாவதுக்குப் பிறகு 240. அதோடு நிறுத்தினேன், நடுச்சுவரே 310 தான். கீழ்ப்பகுதியில் 1240 இருந்தது 820 ஆகி, பிறகு 590 ஆகி, மூன்றாவதுக்குப் பிறகு 540-இல் நின்றது. நாலாவது போடுவதில் பலன் இல்லை என்று தெரிந்தது. பத்து இழுப்பது மேலே ஓரிரு அங்குலத்தில் உள்ளதைத்தான். ஒன்றரை அடிச் சுவரின் நடுவுக்குள் 2004-இல் போன உப்பை அது எட்டாது, நிலத்திலிருந்து ஏறுவதையும் நிறுத்தாது. கீழ்ப்பகுதி இனியும் பூக்கும். பூத்தால் துடைக்கக்கூடிய பூச்சாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

ஆகவே பூச்சு சுண்ணாம்பில்தான். முன்பு கடற்கரையில் முருகைக்கல்லைச் சுட்டு நீற்றினார்கள். இன்று கரையில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, எடுக்கவும் கூடாது. கடையில் விற்கும் நீறிய சுண்ணாம்புப் பைகளை வாங்கினேன். பை பழசானால் உள்ளேயே காற்றைக் குடித்து வெறும் சோக்குத் தூளாகிவிடும். சின்னச் சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கரண்டித் தூளில் வினாகிரி விட்டால் நல்ல சுண்ணாம்பு பெரிதாக நுரைக்காது, கெட்டது சோடா மாதிரிப் பொங்கும். நான் வாங்கிய ஐந்து பையில் ஒன்று பொங்கியது, திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்தை மார்கழியிலேயே பரலில் கொட்டி, மேலே நாலு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊறப் போட்டிருந்தேன். பங்குனித் தொடக்கத்தில் எடுத்தபோது தயிர்போல, சாந்தகப்பையில் அள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்தது.

மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். சீமெந்து ஒரு கரண்டிகூட இல்லை. மேசன் அண்ணைக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "ஒரு பிடி போட்டால் கெதியா இறுகும் தம்பி" என்று மூன்று முறை சொன்னார். கெதியாக இறுகுவது எனக்குத் தேவையில்லை, ஈரத்தை விட வேண்டும் என்றேன். பத்து மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு படை, ஒரு கிழமை கழித்து அதே அளவில் இன்னொரு படை. முதற் படையில் கிழக்கு ஓரத்தில் மூன்றடிக்குச் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு வந்தது. கிடுகுத் தட்டி அங்கே ஒரு முழம் குறைவாக இருந்ததால் காற்று நேரடியாகப் பட்டிருக்கிறது. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி இறுகுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். வெடிப்பு நகத்தால் கீறக்கூடிய பதத்தில் இருந்தபடியால் தண்ணீர் தெளித்து மட்டப்பலகையால் அழுத்தித் தேய்க்க மூடிக்கொண்டது. அடுத்த நாள் கண்டிருந்தால் கொத்தித்தான் எடுத்திருக்க வேண்டும்.

பூச்சு மட்டமா என்று பார்ப்பதற்கு வெளிச்சம் தொல்லை தந்தது. பகலில் கடலிலிருந்து வரும் வெள்ளொளி சுவரில் நேரே முகத்துக்கு அடித்ததுபோல விழும். மேடு பள்ளம் எல்லாம் அழிந்து ஒரே வெள்ளைத் தாள் மாதிரித் தெரியும். மார்ச் 20-க்குப் பிறகு சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கத் தொடங்கும். அந்த நாட்களில் காலை ஆறரை மணிக்கு வெயில் வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போகும். ஒரு அரை மணித்தியாலம்தான், ஆனால் நெல்மணி உயர மேட்டுக்கும் நிழல் விழும். அந்த நேரத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டுவிட்டு, பிறகு ஆறுதலாகத் திருத்தினோம். அதற்கு முன்பு இரவில் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம், அதுவும் உதவியது.

வெள்ளையடியைச் சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் முடிக்க வேண்டும் என்று நான் நெருக்கினேன். பெரியம்மா கொண்டாட்டத்துக்காக என்று நினைத்தார். காரணம் வானத்தில் இருந்தது. பருத்தித்துறை ஏறத்தாழ 9.8 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில், கிட்டத்தட்ட வருடப் பிறப்பை ஒட்டி, நடுப்பகல் சூரியன் நேர் உச்சியைக் கடந்து வடக்குப் பக்கம் போய்விடும். ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். அந்த நாலரை மாதமும் கடலைப் பார்த்த சுவருக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து கடல் எறிக்கும் வெயில். விறாந்தைக் கூரையின் அடியில் அலையின் நிழலாட்டம் நெளிவதும் அந்த மாதங்களில்தான். பார்க்க வடிவுதான், ஆனால் ஈரச் சுண்ணாம்பை அந்த வெயிலில் அடித்தால் இறுகாமல் காய்ந்து, கையில் ஒட்டும் மாவாகிவிடும்.

வெள்ளையடிக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, துணியில் வடித்துப் பால் பதத்துக்கு. இந்த இடத்தில் மேசன் அண்ணைக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். அவர் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு பிடி உப்பை வாளிக்குள் போடப் போனார். வெள்ளையடியில் உப்புப் போடுவது பழைய வழக்கம், பிழையும் இல்லை. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து, சுண்ணாம்பு மெதுவாக இறுக உதவும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டுக்கு அது சரி. ஒரு மாதம் பத்துப் போட்டு இழுத்த சாமானை வாளியில் அளந்து திருப்பிப் போடுவதா? "அண்ணை, வேண்டாம். பின்னேரம் வந்து நானே தண்ணி தெளிக்கிறன்" என்றேன். சிரித்துவிட்டுப் பொட்டலத்தை மடித்தார். சொன்னபடி ஒவ்வொரு பின்னேரமும் தெளிகருவியோடு நான்தான் நின்றேன்.

ஐந்து பூச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் முதல் சுவரை நனைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது வெள்ளையடி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அதனால் புதிதாக அடிப்பவருக்குப் போதவில்லை என்று தோன்றி, தடிப்பாக அடிக்கத் தோன்றும். தடிப்பாக அடித்தால் உரியும். கடல் ஒளிக்கு நான் கறுப்புக் கண்ணாடி போட்டேன், அன்றைக்கு அடித்ததில் இரண்டு கை அகல இடைவெளி மூன்று விட்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடியில் ஈரமும் உலர்வும் ஒன்றாகவே தெரிகிறது. அடுத்த நாள் முதல் வெறும் பாதுகாப்புக் கண்ணாடிதான். கண்ணாடி இல்லாமல் மட்டும் வேலை செய்யக் கூடாது, சுண்ணாம்புத் துளி கண்ணில் பட்டால் சுடும், புண்ணாக்கும்.

முதல் மூன்று பூச்சு வெறும் வெள்ளை. அதற்குள்ளேயே பெரியம்மா விறாந்தையில் இருக்க முடியவில்லை என்றார். கடலின் ஒளி சுவரில் பட்டு, சுவரின் ஒளி அவர் கண்ணில் பட்டு, கண்புரை சத்திரசிகிச்சை செய்த கண் கூசியது. கடைசி இரண்டு பூச்சுக்கு மஞ்சட்காவி சேர்த்தேன். சுண்ணாம்பின் காரத்துக்கு மண் நிறங்கள் தாங்கும், மற்ற நிறத்தூள்களில் பல சில மாதத்தில் வெளிறிவிடும். சுண்ணாம்பின் நிறையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போடவில்லை, கூடினால் பிடிமானம் குறையும். வாளியில் நல்ல மஞ்சளாகத் தெரிந்தது சுவரில் காய்ந்தபோது பழைய பனையோலை நிறமாக வந்தது. அவருக்குப் பிடித்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 11-ஆம் திகதி முடித்தோம். கிழக்குப் பாதிக்கு முன்னால், சுவரிலிருந்து பத்தடி தள்ளி, தாழங்கன்றுகளை ஒரு வரிசை நட்டேன். சுவரோடு ஒட்டி நட்டால் காற்றோட்டம் குறைந்து சுவர் காயாது. நட்டதில் கடல் பக்கத்து இரண்டு அந்த வருட வாடையிலேயே கருகின, மற்றவை சரியத் தொடங்கியிருக்கின்றன.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. நடுச்சுவர் அப்படியே இருக்கிறது. கீழ்ப்பகுதியில், எதிர்பார்த்தபடி, இரண்டு இடத்தில் வெள்ளை பூக்கிறது. மாதம் ஒருமுறை காய்ந்த தும்புக்கட்டையால் தட்டி அள்ளிவிட்டு, மாரி முடிந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு அடிக்கிறேன், அரை நாள் வேலை. தாழ்வாரத்தின் கீழே மழை எட்டாதபடியால் மழையின் வேலையை நாங்களே செய்கிறோம். கார்த்திகையிலிருந்து மாசி வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மருந்தடிக்கும் தெளிகருவியில் மழைநீர் நிரப்பி, மேலிருந்து கீழாக மெதுவாக. நான் போக முடியாத கிழமைகளில் பெரியம்மா பக்கத்து வீட்டுப் பொடியனைப் பிடித்துச் செய்விப்பார். போன கிழமை தொலைபேசியில் அவன் வளவுக் கிணற்றில் அள்ளி நிரப்பப் போனதாகவும், தான் தடியால் வாளியைத் தட்டிவிட்டதாகவும் சொன்னார்.